உதவி தேவை: படிநிலை வரிக் கணக்கில் இரண்டாம் அடுக்குக்கு மேல் விடை கூடுதலாக வருகிறது

வெண்மதி:
வருமான வரியை அடுக்கு வாரியாகக் கணக்கிட விரிதாள் ஒன்றைத் தயாரித்துள்ளேன். சோதனைக்காக நானே வைத்துக்கொண்ட விகிதங்கள் இவை: முதல் 2,00,000 வரை வரி இல்லை, அதற்கு மேல் 5,00,000 வரை 5%, அதற்கு மேல் 9,00,000 வரை 15%, எஞ்சியதற்கு 30%. A2 முதல் A4 வரை அடுக்குகளின் தொடக்கத் தொகைகளும், B2 முதல் B4 வரை விகிதங்களும், E1இல் வருமானமும் உள்ளன.

```
=SUMPRODUCT((E1>A2:A4)*(E1-A2:A4)*B2:B4)
```

வருமானம் 4,60,000 என்றால் 13,000 என்று சரியாக வருகிறது. ஆனால் 9,40,000 என்று இட்டால் 1,15,000 வருகிறது. கையால் போட்டுப் பார்த்தால் 15,000, 60,000, 12,000 ஆகியவை சேர்ந்து 87,000தான். இரண்டு நாள்களாகப் பார்த்தும் பிழை எங்கே என்று பிடிபடவில்லை.

பரிதி:
அடுக்கின் எல்லையில்தான் சிக்கல் இருக்கும் என்று நினைக்கிறேன். ">" என்பதற்குப் பதிலாக ">=" என்று மாற்றிப் பாருங்கள். எனக்கும் ஒருமுறை 5,00,000 என்ற தொகை எந்த அடுக்கிலும் சேராமல் விடுபட்டுப் போனது.

இளங்கோ:
பரிதி சொல்வது IF வைத்து எழுதும் வாய்பாட்டுக்குப் பொருந்தும். இங்கே எல்லையில் E1-A3 பூச்சியமாகிவிடுவதால் எந்தக் குறியை இட்டாலும் விடை மாறாது.

பிழை விகித நெடுவரிசையில் இருக்கிறது. உங்கள் வாய்பாடு 2,00,000க்கு மேல் உள்ள 7,40,000 முழுவதற்கும் 5% போடுகிறது. பிறகு 5,00,000க்கு மேல் உள்ள 4,40,000க்கு மறுபடியும் 15% போடுகிறது. அந்த 4,40,000 ஏற்கெனவே 5% செலுத்திவிட்ட தொகை என்பதால், அதன் மீது இனி 10% மட்டுமே ஏற வேண்டும். அதேபோல் 9,00,000க்கு மேல் உள்ள 40,000 ஏற்கெனவே 15% சுமந்திருக்கிறது; எனவே அதற்கு இன்னும் 15% மட்டுமே பாக்கி. நீங்கள் கூடுதலாகப் பெற்ற 28,000 இதிலிருந்தே வருகிறது: 4,40,000இல் 5% ஆன 22,000, 40,000இல் 15% ஆன 6,000.

C நெடுவரிசையில் விகிதங்களின் வேறுபாட்டை, அதாவது 5%, 10%, 15% என்று வையுங்கள். C2இல் B2ஐ அப்படியே எடுத்து, C3 முதல் =B3-B2 என்று கீழே இழுத்துவிட்டு, வாய்பாட்டில் B2:B4 என்பதை C2:C4 ஆக்குங்கள். 37,000, 44,000, 6,000 சேர்ந்து 87,000 வரும். முதல் வரி அடுக்கில் விகிதமும் வேறுபாடும் ஒன்றே என்பதால்தான் 4,60,000க்குச் சரியான விடை கிடைத்து உங்களை ஏமாற்றியிருக்கிறது.

தாமரை:
என் சந்தேகம் வேறு. எனக்குச் சம்பளம் உயர்ந்து வருமானம் இப்போதுதான் மேல் அடுக்குக்குள் சென்றது. முழுச் சம்பளத்துக்கும் 30% பிடிப்பார்கள் என்று உடன் பணிபுரிபவர் சொல்கிறார். உயர்வை மறுத்துவிடலாமா?

இளங்கோ:
மறுக்க வேண்டாம், அம்மா. மேலே உள்ள விகிதங்களையே எடுத்துக்கொண்டால், 9,00,000க்கு வரி 75,000, 9,10,000க்கு 78,000. கூடுதல் 10,000இல் 3,000 மட்டுமே வரியாகப் போகிறது. முதல் 9,00,000 மீதான வரி ஒரு காசுகூட மாறவில்லை. ஆனால், குறிப்பிட்ட வருமானத்தைத் தாண்டினால் ஏதேனும் சலுகை அடியோடு நீங்கும் என்ற விதி உங்களுக்கு இருந்தால், அந்த எல்லையை ஒட்டிக் கையில் கிடைப்பது குறையக்கூடும். அடுக்கு விகிதங்களை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. உங்கள் விதியைப் பார்க்க வேண்டும்.

வெண்மதி:
87,000 வந்துவிட்டது, மிக்க நன்றி. இத்தகைய பிழையை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா? எல்லைக்குச் சற்று முன்னும் பின்னும் இட்டுப் பார்த்தபோது விடையில் தாவல் எதுவும் தெரியவில்லை.

இளங்கோ:
இந்தப் பிழையில் தாவல் வராது. ஏற்றத்தின் வேகம்தான் தவறாக இருக்கும். ஒவ்வோர் அடுக்கின் நடுவிலும் வருமானத்தை 1,000 கூட்டிப் பாருங்கள். மேல் அடுக்கில் வரி 300 கூட வேண்டும். உங்கள் பழைய தாளில் 5, 15, 30 மூன்றும் சேர்ந்து 500 கூடியிருக்கும்.

பரிதி:
நானும் இம்முறையைச் செய்து பார்த்தேன். 9,40,003க்கு எனக்கு 87,000 வருகிறது. அடுக்கு அடுக்காகப் பிரித்துப் போட்டால் 87,001. நான் ஒவ்வொரு வரிசையையும் ROUND செய்திருக்கிறேன்.

இளங்கோ:
அதுதான் காரணம். வரிசைகளில் 0.15, 0.30, 0.45 என்று தனித்தனியே நிற்கும் பின்னங்கள் மூன்றையும் முழுமையாக்கும்போது தள்ளிவிடுகிறீர்கள். சேர்த்தால் அவை 0.90. இறுதிக் கூட்டுத்தொகையை மட்டும் ROUND செய்யுங்கள்.

வெண்மதி:
வரி கணக்கிடும் முன் வருமானத்தையே முழுமையாக்க வேண்டும் என்று விதி இருந்தால் இந்த 1 மறுபடியும் மாறுமே?

இளங்கோ:
மாறலாம். எதை, எந்த இடத்தில் முழுமையாக்குவது என்பதை உங்களுக்குப் பொருந்தும் சட்டம்தான் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியை இங்கே பதிந்தால் சேர்ந்தே பார்க்கலாம்.