பொது எமிட்டர் பெருக்கி: கணக்கில் 217, அளவீட்டில் 131. ரெக்கார்டில் காரணத்தை எப்படி எழுதுவது?

கயல், இரண்டாம் ஆண்டு இ.சி.இ.

வணக்கம். BC107 கொண்டு அமைத்த ஒற்றைநிலைப் பெருக்கியின் ஆய்வக அறிக்கையில், விவாதப் பகுதியை எழுத உதவி வேண்டும். மின்வழங்கல் 12 வோல்ட், R1 47 கிலோ ஓம், R2 10 கிலோ ஓம், RC 3.9 கிலோ ஓம், RE 1 கிலோ ஓம். RE-க்குக் குறுக்கே 10 மைக்ரோஃபாரட் பைபாஸ் மின்தேக்கி உள்ளது. வெளியீட்டில் ஆசிலோஸ்கோப் தவிர வேறு சுமை இல்லை. எமிட்டரில் 1.4 வோல்ட் இருப்பதால் மின்னோட்டம் 1.4 மில்லி ஆம்பியர்; ஆகவே re = 25/1.4, ஏறத்தாழ 18 ஓம்; பெருக்கம் RC/re = 217.

சிக்னல் ஜெனரேட்டரைச் சுற்றுடன் இணைக்கும் முன் 1 கிலோஹெர்ட்ஸில், உச்சிக்கு உச்சி 20 மில்லிவோல்ட் என அமைத்தேன். இணைத்தபின் வெளியீடு 2.62 வோல்ட்; அதாவது பெருக்கம் 131. 5 சதவீத மின்தடைகளை வைத்து இவ்வளவு பெரிய இடைவெளியை விளக்க முடியவில்லை.

முகிலன்

பீட்டாவைப் பாருங்கள். BC107-க்கு அது 110 முதல் 450 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். உங்கள் டிரான்சிஸ்டரில் குறைவாக இருப்பதால்தான் பெருக்கம் குறைந்திருக்கிறது. வேறொன்றை மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

செல்வராசு

எனக்கும் இதே தொல்லைதான். என் சுற்றில் பெருக்கம் 4-ஐத் தாண்டவே இல்லை. கடைசியில் பார்த்தால், பைபாஸ் மின்தேக்கியின் ஒரு கால் பிரெட்போர்டில் சரியாகப் பொருந்தாமல் இருந்தது. உங்களுடையதையும் அழுத்திப் பாருங்கள்.

ஆய்வக ஆசிரியர் (ஓய்வு)

செல்வராசு, உங்கள் நிலை வேறு. மின்தேக்கி விலகினால் பெருக்கம் RC/RE, அதாவது 3.9-க்கு இறங்கிவிடும். கயலுக்கு 131 கிடைப்பதால், மின்தேக்கி இணைப்பில் இருக்கிறது; ஆனால் அந்த அலைவெண்ணுக்கு அது போதவில்லை என்றே நினைக்கிறேன்.

10 மைக்ரோஃபாரடின் எதிர்ப்பு 1 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 16 ஓம். RE-யில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் போதும் என்ற வழக்கமான விதிப்படி, 100 ஓமுக்கு எதிரே 16 ஓம் மிகச் சிறியதாகவே தோன்றும். ஆனால் சிக்னல் செல்லும் பாதையில் அந்த 16 ஓமுடன் தொடராக நிற்பது 18 ஓம் re அல்லவா? ஒப்பிட வேண்டியது அதனுடன்தான். இரண்டும் செங்குத்தாகக் கூடுவதால் மொத்தம் 34 ஆகாது, 24 ஓம் ஆகும். ஆகவே பேஸிலிருந்து கலெக்டர் வரையிலான பெருக்கமே 162-க்கு இறங்கிவிடுகிறது.

மீதிக் குறைவின் பெரும்பகுதி நீங்கள் உள்ளீட்டை அளந்த இடத்தில் இருக்கிறது. ஜெனரேட்டரின் வெளியீட்டு மின்தடை என்ன? முகிலன் சொன்ன பீட்டா இங்குதான் நுழைகிறது. RC/re-யில் அதற்கு இடமில்லை. ஆனால் உள்ளீட்டு மின்தடையைப் பெரிதும் தீர்மானிப்பது அதுதான்.

சுற்று இயங்கும்போதே பேஸில் ஒரு சேனலை வைத்து அளந்துவிட்டு, 10 மைக்ரோஃபாரடுக்குப் பதில் 100 போட்டு மீண்டும் அளந்து பாருங்கள் அம்மா. மின்தேக்கி கிடைக்காவிட்டால், அதையே வைத்து 10 கிலோஹெர்ட்ஸில் அளந்தாலும் அதே விடை வர வேண்டும்.

கயல்

நன்றி ஐயா. ஜெனரேட்டரின் முகப்பில் 600 ஓம் என்று அச்சிட்டிருக்கிறது. இணைத்த நிலையில் பேஸில் 17 மில்லிவோல்ட்தான் இருக்கிறது. அதன்படி பெருக்கம் 154. மின்தேக்கியை 100 ஆக்கியதும் வெளியீடு 3.3 வோல்ட்டாக உயர்ந்தது. ஆனால் பேஸில் இருந்த அலை 16 மில்லிவோல்ட்டாகச் சுருங்கியது. ஒரு கட்டத்துக்கு 5 மில்லிவோல்ட் என்ற அளவில் அது ஒரே ஒரு சிறு கோட்டின் வேறுபாடுதான் என்றாலும், மாற்றி மாற்றிப் பார்த்தபோதும் அப்படியே வந்தது. இப்போது பெருக்கம் 206. பேஸில் ஏன் குறைந்தது?

ஆய்வக ஆசிரியர் (ஓய்வு)

குறையத்தான் வேண்டும். எமிட்டர் பக்கம் இருந்த எதிர்ப்பு குறைந்ததால், பேஸ் வழியே தெரியும் உள்ளீட்டு மின்தடையும் குறைந்து, 600 ஓமில் கூடுதலாக விழுகிறது. இதை அறிக்கையில் கட்டாயம் எழுதுங்கள். 217, 154, 131 ஆகிய ஒவ்வொன்றும் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை அளந்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் ஒப்பீடு பொருள்படும்.

முகிலன்

பீட்டா எங்கே நுழைகிறது என்பது இப்போது புரிகிறது. இருந்தாலும் 206-க்கும் 217-க்கும் இடையே 5 சதவீதம் மிஞ்சுகிறதே? 25 மில்லிவோல்ட்டுக்குப் பதில் 26 எனக் கொண்டால் கணக்கே 209-க்கு வந்துவிடுகிறது.

ஆய்வக ஆசிரியர் (ஓய்வு)

அதுவும் இருக்கலாம். டிரான்சிஸ்டரின் சொந்த வெளியீட்டு மின்தடை RC-க்கு இணையாக நிற்பதும் இதே அளவு குறைக்கக்கூடும். 16 மில்லிவோல்ட்டை அரை மில்லிவோல்ட் பிசகாகப் படித்தாலே 3 சதவீதம் போய்விடும் என்பதால், இந்த அளவீட்டை மட்டும் வைத்து அவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. RC-யைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் ஒரு ஐயமாவது நீங்கும்.