மாதம் 90 வெள்ளிதான் என்றார்கள்: கட்டண உயர்வைக் கணக்குப் போட்டுப் பார்த்த அனுபவம்

சுங்கை சிப்புட் அம்மா

மகள் ஈப்போவில் ஒரு தனியார் பள்ளியில் படிவம் 2 படிக்கிறாள். மகன் இங்கேயே தமிழ்ப்பள்ளியில் 4ஆம் ஆண்டு. அக்டோபரில் மகளின் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த ஆண்டு முதல் மாதக் கட்டணம் 620 வெள்ளியிலிருந்து 710 வெள்ளி. "மாதம் 90 வெள்ளி மட்டுமே" என்று அவர்களே ஆறுதலும் எழுதியிருந்தார்கள். என் கணவர் செம்பனை ஆலையில் வேலை செய்கிறார். நான் ஒரு கிளினிக்கில் குமாஸ்தா. 90 வெள்ளிதானே, வெளியில் சாப்பிடுவதைக் குறைத்தால் சரியாகிவிடும் என்றார் அவர். நானும் தலையாட்டிவிட்டேன்.

பிறகுதான் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஆண்டு வளக் கட்டணம் 900 வெள்ளியிலிருந்து 1,150 வெள்ளி ஆகியிருந்தது. அதற்குக் கீழே சிறிய எழுத்தில், முன்பணம் எப்போதும் ஒரு மாதக் கட்டணத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், ஆகவே மேலும் 90 வெள்ளி கட்ட வேண்டும் என்று ஒரு வரி. அதே வாரம் வேன்காரரும் 260 வெள்ளியை 300 ஆக்கிவிட்டார். வேனுக்கு நாங்கள் கட்டுவது ஆண்டுக்கு 11 மாதம். எல்லாவற்றையும் கூட்டினால் கூடுதல் செலவு 1,860 வெள்ளி. மாதத்துக்கு 155 வெள்ளி.

எங்களால் முடியுமா என்று பார்க்க முழு ஆண்டுக் கணக்கையும் புதிதாகப் போட உட்கார்ந்தேன். போன ஆண்டு படிப்புக்கு ஏறக்குறைய 11,000 வெள்ளி செலவாகியிருக்கும் என்பது என் மனக்கணக்கு. வங்கிக் கணக்கையும் டப்பாவில் கிடந்த ரசீதுகளையும் எடுத்து வைத்துக் கூட்டினேன். 15,700 வந்தது. நான் மறந்திருந்தவை பெரிய தொகைகள் அல்ல. இரண்டு பிள்ளைகளின் கைச்செலவு மட்டுமே ஆண்டுக்கு 1,520 வெள்ளி. காலையில் பர்ஸிலிருந்து 5 வெள்ளியும் 3 வெள்ளியும் எடுத்துக் கொடுப்பதை யார் படிப்புச் செலவு என்று நினைக்கிறார்கள்? மகனின் டியூஷன், சுற்றுலாக் கட்டணம், விளையாட்டு உடை என்று மீதியும் அதே மாதிரிதான்.

இந்த மாதிரிக் கணக்குப் போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். வருமானப் பக்கத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தாப்பா லோரிக்காரன்

அக்கா, இது அந்தச் சேவை வரி. 2025 ஜூலையில் தனியார் பள்ளிகளுக்கு 6 விழுக்காடு போட்டார்கள் அல்லவா? அதைத்தான் நம் தலையில் கட்டுகிறார்கள். கேட்டுப் பாருங்கள், வரியைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்புக் கணக்கில் பணம் போட்டால் 8,000 வெள்ளி வரைக்கும் வருமான வரி விலக்கு உண்டு. அதில் கிடைப்பதை வைத்து உயர்வைச் சமாளிக்கலாம்.

ஓய்வுபெற்ற கிராணி

தம்பி சொன்ன வரி உண்மைதான், ஆனால் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 60,000 வெள்ளிக்கு மேல் வாங்கும் பள்ளிகளுக்குத்தான் அது பொருந்தும். 710 வெள்ளிப் பள்ளிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அப்படி ஒரு வரி பில்லில் வந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

வரி விலக்கும் அப்படித்தான். விலக்கு என்பது கையில் வரும் பணம் அல்ல. அம்மா, உங்கள் கணவரின் சம்பளச் சீட்டில் மாதாந்திர வரிப் பிடித்தம் பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள். சுய விலக்கு 9,000, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 2,000, சேம நிதி எல்லாம் கழித்த பிறகு வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளியைத் தாண்டாவிட்டால் 400 வெள்ளித் தள்ளுபடியும் உண்டு. அதிலேயே பலருக்கு வரி இல்லாமல் போய்விடுகிறது. கட்டாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது?

வருமானப் பக்கத்துக்கு வருகிறேன். தோட்ட அலுவலகத்தில் 31 ஆண்டுகள் சம்பளப் பட்டியல் எழுதியவன் என்பதால் சொல்கிறேன். ஆலைக்காரர் வீட்டில் வருமானத்தை ஒரே வரியில் எழுதக் கூடாது. அடிப்படைச் சம்பளம் ஒரு வரி, ஓவர்டைம் இன்னொரு வரி. ஓவர்டைமைச் சராசரியாக எழுதாமல் மாதம் மாதமாக எழுத வேண்டும். செம்பனைக் குலை செப்டம்பர், அக்டோபரில் வந்து குவியும், ஆலை இரவு பகலாக ஓடும். ஜனவரி, பிப்ரவரியில் குலை வரத்து படுத்துவிடும். அப்போது ஓவர்டைம் கேட்டாலும் கிடைக்காது. பள்ளிக் கட்டணம் வந்து நிற்பதோ அதே ஜனவரியில்.

கோல கங்சார் பாட்டி

என் பேரனின் பாலர் பள்ளியிலும் ஏற்றிவிட்டார்கள். சின்னப் பள்ளிதான், ஐந்தாறு பேர் வேலை செய்கிறார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனதால் வேறு வழியில்லை என்றார் நடத்துகிற அம்மா. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. என் மகள் ரசீதை எல்லாம் பத்திரமாக வைக்கிறாள், 3,000 வெள்ளி வரைக்கும் வரியில் கழிக்கலாமாம். நீங்களும் அப்படிக் கழித்துவிடுங்கள் மகளே.

ஓய்வுபெற்ற கிராணி

பாட்டியம்மா, அந்த 3,000 வெள்ளி விலக்கு சின்னப் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் பாலர் பள்ளிக்கும் உரியது. படிவம் 2 கட்டணத்துக்கு அது செல்லாது. உங்கள் மகள் 11 விழுக்காடு வரிப் படியில் இருந்தால் அவருக்கு 330 வெள்ளி மிச்சம், வாங்கிக்கொள்ளட்டும்.

சுங்கை சிப்புட் அம்மா

கிராணி ஐயா சொன்னபடி உட்கார்ந்து எழுதினேன். சேம நிதி, சொக்சோ பிடித்தம் போக இருவரின் அடிப்படைச் சம்பளம் மாதம் 3,880 வெள்ளி. வீட்டுக்கடன், கார், சாப்பாடு, மின்சாரம், தண்ணீர், பெட்ரோல், மாமியாரின் மருந்து என்று தவிர்க்க முடியாதது 3,080. ஆண்டுக்கு மிஞ்சுவது 9,600. போன ஆண்டு ஓவர்டைம் மொத்தம் 6,600. ஆகப் படிப்புக்கு இருந்தது 16,200. செலவானது 15,700.

ஆண்டு முழுவதும் எங்களிடம் இருந்த இடைவெளி வெறும் 500 வெள்ளி. ஏதோ வசதியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று நினைத்திருந்தேன். வரும் ஆண்டுக்குத் தேவை 17,560 வெள்ளி. துண்டு விழுவது 1,360.

ஜனவரியை மட்டும் தனியாகப் போட்டபோது வயிற்றைக் கலக்கியது. மாதக் கட்டணம், வளக் கட்டணம், முன்பணம், புத்தகம் 680, இரண்டு பேருக்கும் சீருடையும் காலணியும் 420, வேன் எல்லாம் சேர்த்து 3,350. போன ஜனவரியில் அவருடைய ஓவர்டைம் 200 வெள்ளி. வீட்டுச் செலவு போக மிஞ்சுவது 1,000. அந்த ஒரு மாதத்தில் மட்டும் 2,350 வெள்ளிக்கு எங்கே போவது? மகனுக்கு அரசாங்கம் தரும் பள்ளித் தொடக்க உதவித்தொகை 150 வெள்ளி காலணிக்குச் சரியாகும், அவ்வளவுதான்.

பீடோர் அண்ணன்

சேம நிதியில் மூன்றாவது கணக்கு இருக்கிறதே, அந்த ஃபிளெக்சிபல் கணக்கு. 2024 மே மாதம் திறந்தார்கள். 50 வெள்ளி முதல் எடுக்கலாம், காரணம் கேட்க மாட்டார்கள். நான் பையனின் கட்டணத்துக்கு அப்படித்தான் 1,800 எடுத்தேன். அந்த ஜனவரி நன்றாகப் போனது. அடுத்த ஜனவரியில் அதே குழி, கணக்கில் 300 வெள்ளிகூட இல்லை. மாதா மாதம் அதில் விழுவது கொஞ்சம்தான் என்று அப்போதுதான் கவனித்தேன். எடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆசிரியை, கம்பார்

பள்ளியை மாற்றுவது பற்றி யாரும் பேசவில்லை. அரசாங்க இடைநிலைப்பள்ளியில் மாதக் கட்டணமே இல்லை. ஆனால் 710 வெள்ளியும் மிச்சம் என்று எழுதிவிடாதீர்கள். என் மகளை மாற்றிய பிறகு நான்கு பாடத்துக்கு டியூஷன் வைத்தேன், மாதம் 240. அதையும் எழுத வேண்டும். முக்கியமாக, உங்கள் பள்ளியின் சேர்க்கைப் பத்திரத்தைப் படியுங்கள். என்னிடம் ஒரு தவணைக்கு முன்பே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று இருந்தது. புலனத்தில் சொன்னது செல்லாது என்று முன்பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஓய்வுபெற்ற கிராணி

இரண்டு துண்டுகளையும் கலக்காதீர்கள் அம்மா. ஜனவரியின் 2,350 பணம் வரும் நேரத்தின் பிரச்சினை. குலை மிகுந்த மாதங்களின் ஓவர்டைமைத் தொடாமல் தனிக் கணக்கில் போட்டால் அதில் பெரும்பகுதி அடைந்துவிடும். ஆண்டின் 1,360 அப்படி அடையாது, ஏனென்றால் அந்த ஓவர்டைமை ஏற்கெனவே வருமானத்தில் சேர்த்துவிட்டீர்கள். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒரே பணத்தை இரண்டு முறை செலவழிப்பார்கள்.

போன ஆண்டு ஓவர்டைம் 6,600 என்கிறீர்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளையும் பாருங்கள். நல்ல விளைச்சல் ஆண்டை வைத்துக் கணக்குப் போட்டால் அது கணக்கு அல்ல, ஜோசியம். இன்னொன்று, 2025இல் பள்ளி பிப்ரவரியில் திறந்தது, 2026இல் ஜனவரி. மகனுக்குச் சீருடையும் காலணியும் வாங்கும் செலவு 11 மாதத்தில் திரும்ப வருகிறது.

தாப்பா லோரிக்காரன்

முழு ஆண்டுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டினால் சில பள்ளிகள் 5 விழுக்காடு குறைக்கும் என்று கேள்விப்பட்டேன். கூட்டுறவுக் கடன் எடுத்துக் கட்டினால் என்ன?

ஓய்வுபெற்ற கிராணி

8,520 வெள்ளிக்கு 5 விழுக்காடு என்றால் 426. கடன் வட்டி அதைத் தின்றுவிடாது என்று யார் சொன்னது? பாதியில் பள்ளியை மாற்றினால் மீதியைத் திருப்பித் தருவார்களா என்றும் கேளுங்கள்.

சுங்கை சிப்புட் அம்மா

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடினோம். அதற்கு முந்தைய ஆண்டு ஓவர்டைம் 5,400தான். அந்த மாதிரி ஆண்டு வந்தால் துண்டு 2,560 ஆகும். இதைக் காட்டியபோதுதான் அவர் முதல் முறையாகப் பேசாமல் இருந்தார்.

பள்ளி அலுவலகத்துக்கு நேரில் போனேன். கட்டணத்தைக் குறைக்க மாட்டார்கள். வளக் கட்டணத்தை ஜனவரியிலும் ஜூனிலும் பாதி பாதியாகக் கட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். படிவம் 4க்குப் போகும் பெண்ணின் அம்மா ஒருவர் புத்தகங்களை 300 வெள்ளிக்குத் தருகிறார். ஜனவரிக்கு 1,395 போதும் என்றாகிவிட்டது, அக்டோபர் ஓவர்டைம் 1,050 தனியாக இருக்கிறது. ஆண்டுத் துண்டு 980க்கு இறங்கியிருக்கிறது.

அந்த 980க்கு மகனின் டியூஷனை நிறுத்தலாம் என்கிறார் அவர். ஆண்டுக்கு 1,320 மிச்சமாம். அக்காள் படிப்புக்குத் தம்பியின் டியூஷனா என்று எனக்கு மனம் ஒப்பவில்லை, வீட்டில் இன்னும் இதைப் பற்றித்தான் பேச்சு. சேர்க்கைப் பத்திரத்தைப் படித்தேன். எங்களுக்கும் ஒரு தவணை முன்னறிவிப்புதான். மார்ச் வரைக்கும் ஓவர்டைமை எழுதிக்கொண்டே வரப்போகிறேன்.

கோல கங்சார் பாட்டி

வேன்காரரிடம் பேசினீர்களா மகளே? இன்னொரு பிள்ளை ஏறினால் குறைப்பார்.