உதவி: அட்மிஷன் நர்சிங் நோட்டைப் படிவமாக்க வேண்டும். "பிடித்தால் நடக்கிறார்" என்பதை எந்தக் கட்டத்தில் போடுவது?

மூன்றாம் மாடி எழுதியது:

வணக்கம். தனியார் மருத்துவமனை ஒன்றில் மெடிக்கல் வார்டில் இருக்கிறேன். வார்டுக்கு நோயாளி வந்ததும் எழுதும் நர்சிங் அசெஸ்மென்டை இதுவரை பத்தியாகவே எழுதி வந்தோம். இனி நடமாட்டம், தோல், உணவு, அபாயங்கள் என நான்கு பகுதியுள்ள படிவம் வேண்டுமாம். மாதிரி தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

நேற்று இரவு வந்த ஒருவரின் நோட்டை எடுத்துக் கட்டங்களுக்குள் போட்டுப் பார்த்தேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்:

"68 வயது அம்மா. கேஷுவாலிட்டியிலிருந்து வீல்சேரில் வந்தார், மகள் உடன். மூன்று நாள் காய்ச்சல், சிறுநீர் எரிச்சல். சுகர், பிரஷர் உண்டு. நினைவு தெளிவு. பிடித்தால் நடக்கிறார். சாப்பாடு சுமார். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதாக மகள் சொல்கிறார். தோல் நன்றாக உள்ளது, இடுப்புக்குக் கீழே லேசான சிவப்பு. போன மாதம் பாத்ரூமில் வழுக்கினார், அடி இல்லை. இடது கையில் வென்ஃப்ளான். டயபர் போட்டிருக்கிறார். சைடு ரெயில் போடப்பட்டது."

படிக்கும்போது எல்லாம் இருப்பதுபோலத்தான் தெரிகிறது. படிவத்தில் போட்டால் பாதிக் கட்டம் காலி. "பிடித்தால் நடக்கிறார்" நடமாட்டமா, அபாயமா? "சுமார்" என்பதை எப்படி டிக் செய்வது?

---

குமரன்_ஐடி:

எந்த சாஃப்ட்வேர் மேடம்? ஒவ்வொரு கட்டத்துக்கும் டிராப்டவுன் வைத்து, எல்லாவற்றையும் கட்டாயமாக்கிவிடுங்கள். நிரப்பாமல் சேவ் ஆகாது. காலிக் கட்டம் என்ற பிரச்சினையே வராது.

---

மூன்றாம் மாடி:

சாஃப்ட்வேர் இல்லை தம்பி, காகிதம்தான்.

---

ஆடிட் ராணி:

இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. தோலுக்கு பிரேடன், விழுவதற்கு மோர்ஸ், உணவுக்கு மஸ்ட். மூன்று ஸ்கோரையும் போட்டுவிட்டால் படிவம் முடிந்தது. உங்கள் நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மோர்ஸில் விழுந்ததற்கு 25, வேறு நோய் இருப்பதற்கு 15, ஐவிக்கு 20, மொத்தம் 60. 45-ஐத் தாண்டினாலே அதிக அபாயம். பிடித்து நடப்பதற்கு 15 சேர்த்தால் 75. நினைவு தெளிவு என்பதால் அங்கே 0.

---

பழைய இன்சார்ஜ்:

ராணி சொல்லும் மூன்று அளவுகோலும் சரி, கூட்டலும் சரி. ஆனால் நோட்டைப் படித்து ஸ்கோர் போட்டதுதான் இடிக்கிறது. இந்த நோட்டில் இல்லாததை அவர் தானாக நிரப்பியிருக்கிறார்.

"பிடித்தால்" என்றால் எதைப் பிடித்தால்? மோர்ஸில் நர்ஸ் கைத்தாங்கலாக நடத்தினால் 0. கைத்தடியோ வாக்கரோ என்றால் 15. கட்டிலையும் லாக்கரையும் பற்றிக்கொண்டே நடந்தால் 30. ஒரே சொல்லுக்கு மூன்று மதிப்பு, மூன்று விதமான கவனிப்பு. "நினைவு தெளிவு" என்பதும் மோர்ஸ் கேட்கும் கேள்வியே இல்லை. பெயர், இடம், நாள் சரியாகச் சொல்கிறாரா என்று அது பார்ப்பதில்லை. "நீங்களே பாத்ரூம் போய்விடுவீர்களா?" என்று கேட்டு, அவர் சொல்வதும் அவரால் முடிவதும் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்கிறது. தெளிவாகப் பேசும் பாட்டி "ஓ, நானே போவேன்" என்பார், எழுந்தால் கால் நடுங்கும். அதற்கு 15.

ஆகவே மூன்றாம் மாடி, நோட்டைப் படிவமாக மொழிமாற்றம் செய்ய முயல வேண்டாம். நோட்டை வைத்துக்கொண்டு, கட்டிலருகே போய்க் கேட்க வேண்டிய கேள்விகளை எடுங்கள். அந்தக் கேள்விகள்தான் உங்கள் படிவம்.

நடமாட்டத்தை ஒரே வரியாக வைக்காதீர்கள். படுக்கையில் தானே புரள்கிறாரா, உட்கார்ந்த நிலையிலிருந்து எழுகிறாரா, நடக்கிறாரா என்று மூன்றாகப் பிரியுங்கள். பிரேடனிலும் நடப்பது ஒரு கட்டம், படுக்கையில் உடம்பைத் திருப்பிக்கொள்வது வேறு கட்டம். முதலாவதில் நல்ல மார்க், இரண்டாவதில் மோசம் என்று ஆட்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் "நோய்க்கு முன்", "இப்போது" என்று இரண்டு கட்டம் வையுங்கள். போன வாரம் வரை கடைக்குப் போனவரும் ஒரு வருடமாகப் படுக்கையில் இருப்பவரும் இன்று ஒரே மாதிரிதான் தெரிவார்கள். டிஸ்சார்ஜ் சமயத்தில்தான் அந்த வித்தியாசம் தேவைப்படும்.

அப்புறம், டயபர். அவருக்குச் சிறுநீர் கட்டுப்படவில்லையா, இல்லை கேஷுவாலிட்டியில் வசதிக்காகப் போட்டுவிட்டார்களா? கட்டுப்படுகிறது என்றால், எரிச்சலும் அவசரமுமாக ராத்திரி நாலு முறை எழுந்திருப்பார். சைடு ரெயில் போட்டதால் அதன்மேல் ஏறி இறங்கப் பார்ப்பார். சைடு ரெயில் நாம் செய்த காரியம். அதை அபாயக் கட்டத்தில் எழுதினால் அபாயத்தைக் கவனித்துவிட்டோம் என்ற நினைப்பு வந்துவிடும். கண்டது, ஸ்கோர், செய்தது மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும்.

---

பெரியப்பா மகன்:

நான் நர்ஸ் இல்லை, மன்னிக்கவும். எங்கள் பெரியப்பா அட்மிட் ஆனபோது ஒருவர் வந்து பத்துக் கேள்வி கேட்டார், அடுத்தவர் வந்து அதே பத்தைக் கேட்டார். அதுவும் பெரியப்பாவைக் கேட்காமல் என்னைக் கேட்டார்கள். "நடப்பார்" என்றேன். நான் வெளியூர், அவரைப் பார்த்தே நாலு மாதம் ஆகியிருந்தது. யார் சொன்னது என்று எழுதிக்கொள்ள இடம் இருக்குமா உங்கள் படிவத்தில்?

---

பழைய இன்சார்ஜ்:

நல்ல கேள்வி தம்பி. ஒவ்வொரு பகுதிக்கும் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் போதும்: "நோயாளி சொன்னது / உடனிருப்பவர் சொன்னது / நான் பார்த்தது."

---

லீட்ஸ் வாசி:

நான் இங்கிலாந்தில் முதியோர் வார்டில் இருக்கிறேன். மஸ்ட் இங்கே உருவானதுதான், தினமும் போடுகிறோம். அதற்கு மூன்று விஷயம் போதும்: பிஎம்ஐ, கடந்த மூன்று முதல் ஆறு மாதத்தில் எடை எவ்வளவு குறைந்தது, தீவிர நோயால் ஐந்து நாளுக்கு மேல் ஒன்றுமே சாப்பிடாமல் இருக்கிறாரா. "சுமார்" என்பதற்கு இதில் இடமே இல்லை. இன்றைய எடையை எழுதும்போது அளந்ததா, அவர் சொன்னதா என்று குறிக்கச் சொல்லுங்கள். பழைய எடைக்கு மகளிடம் சுகர் கிளினிக் நோட்டு இருக்கிறதா கேளுங்கள். பிரேடனிலும் உணவுக் கட்டம் இருக்கிறது. ஆனால் அது தட்டில் எவ்வளவு சாப்பிடுகிறார் என்றுதான் பார்க்கும், எடை குறைந்ததைப் பிடிக்காது. ஒன்று இருக்கிறதே என்று இன்னொன்றை விட்டுவிடாதீர்கள்.

தோல் விஷயம் முக்கியம். "நன்றாக உள்ளது, லேசான சிவப்பு" என்று ஒரே வரியில் இரண்டும் வரக்கூடாது. விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் இன்னும் புண் இல்லை, வெளுக்காமலே இருந்தால் முதல் நிலைப் படுக்கைப்புண். நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுச் சூடு, கெட்டித்தன்மை, வலி பாருங்கள். கேஷுவாலிட்டி டிராலியில் ரொம்ப நேரம் கிடந்திருந்தால், ஒருக்களித்துப் படுக்க வைத்து அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். எலும்பு துருத்தும் இடத்திலா, டயபர் ஈரம் படும் மடிப்பிலா என்பதும் வேண்டும். ஈரத்தால் வந்த புண்ணுக்கு வைத்தியம் வேறு.

---

மூன்றாம் மாடி:

காலையில் போய்ப் பார்த்தேன்.

"நானே பாத்ரூம் போவேன்" என்றார். எழுப்பி நிற்க வைத்தால் லாக்கரைப் பிடித்தார், அங்கிருந்து கட்டில் முனை. அடி சின்னதாக, குனிந்தபடி. ஆக 30, 15, நடைக்கு 10. ராணி சொன்ன 60 மொத்தத்தில் 115 ஆகிவிட்டது. வீட்டில் டயபர் பழக்கமே இல்லையாம், கேஷுவாலிட்டியில் போட்டது. எடுத்துவிட்டோம். நேரத்துக்கு நாமே கூட்டிப் போவதாகச் சொல்லி, கைக்கெட்டும் தூரத்தில் பெல் வைத்தாயிற்று. சைடு ரெயில் பற்றி இன்சார்ஜிடம் பேச வேண்டும்.

உயரம் 152 செ.மீ., இன்றைய எடை 46 கிலோ, பிஎம்ஐ 19.9. கிளினிக் நோட்டில் நாலு மாதத்துக்கு முன் 50 கிலோ. 8 சதவீதம் குறைந்திருக்கிறது. பிஎம்ஐக்கு 1, எடைக்கு 1. கஞ்சியாவது குடிக்கிறார், அதனால் மூன்றாவதற்கு 0. மொத்தம் 2. "சாப்பாடு சுமார்" என்று நாம் எழுதிய அம்மா அதிக அபாயத்தில் இருக்கிறார். டயட்டீஷியனுக்குச் சொல்லிவிட்டோம்.

வால் எலும்பின் மேல் 3க்கு 2 செ.மீ. அழுத்தினால் வெளுக்கவில்லை, தொட்டால் சூடு. ஒருக்களித்து வைத்துப் பார்த்தும் அப்படியே. சாக்ஸைக் கழற்றிக் குதிகால் பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை.

இரண்டு சந்தேகம். மகள் "சோப்புத் தண்ணீரில் வழுக்கியது" என்கிறார். அம்மாவோ "கால் மடங்கிடுச்சு" என்கிறார். தரையில் உட்கார்ந்தது மட்டும் நிச்சயம். இரண்டாவது, சிவப்பை வந்தபோதே இருந்ததாக எழுதலாமா? நான் பார்த்தது காலையில்.

---

ஆடிட் ராணி:

வந்தபோதே இருந்தது என்றே எழுதுங்கள் சிஸ்டர். இல்லையென்றால் நம் வார்டு கணக்கில் விழும். விழுந்ததுக்கு 25 போடுங்கள், மூன்று மாதத்துக்குள் என்றால் போதும்.

---

பழைய இன்சார்ஜ்:

நேரத்தைப் பின்தேதி இடக்கூடாது. இன்றைய நேரம் போட்டு இன்று கண்டதை எழுதுங்கள். "அட்மிஷன் நோட்டில் இதே பகுதியில் சிவப்பு பதிவாகியுள்ளது" என்று சேருங்கள். எந்தக் கணக்கில் வைப்பது என்பதை ஆடிட்டில் முடிவு செய்துகொள்ளட்டும்.

விழுந்தது பற்றி: மோர்ஸின் மூல விளக்கத்தில் தள்ளாட்டம், வலிப்பு போல உடம்பின் கோளாறால் விழுந்ததைத்தான் எண்ணச் சொல்லியிருக்கிறது. நம் ஊர்ப் படிவங்களில் "மூன்று மாதத்துக்குள் விழுந்தாரா" என்று மட்டும் சுருக்கிவிட்டார்கள். இவருக்கு அந்த 25 இல்லாவிட்டாலும் 90 வருகிறது. அதனால் இருவர் சொன்னதையும் அப்படியே எழுதுங்கள். எல்லையில் நிற்கும் நோயாளி வந்தால் என்ன செய்வது என்று உங்கள் வார்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள். நான் 25 போடும் பக்கம், ஆனால் ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு.

---

நைட் டியூட்டி:

எல்லாம் சரி. ராத்திரி ரெண்டு மணிக்கு மூன்று அட்மிஷன், ஆள் ரெண்டு பேர். எடை மெஷின் கீழ் மாடியில். கட்டாயக் கட்டம் என்று வைத்தால் என்ன நடக்கும் தெரியுமா? எல்லோரும் "நார்மல்" டிக் செய்வார்கள். குமரன் தம்பி, இதுதான் உங்கள் டிராப்டவுனில் நடக்கும்.

---

பழைய இன்சார்ஜ்:

அதனால்தான் "நார்மல்" என்ற சொல்லே படிவத்தில் வேண்டாம். "உண்டு / இல்லை / பார்க்கவில்லை, காரணம்" என்று மூன்று இருக்கட்டும். பார்க்கவில்லை என்று டிக் செய்தது ஹேண்டோவரில் போக வேண்டும். இரவிலேயே விடக்கூடாதவை இரண்டு: தோலைத் திருப்பிப் பார்ப்பது, எழுந்து நிற்க வைத்துப் பார்ப்பது. உயரமும் எடையும் காலையில் எடுக்கலாம்.

---

மூன்றாம் மாடி:

அப்படியே வரைந்துவிட்டேன், கீழே மூன்று வரி பத்தியாக எழுதவும் இடம் விட்டிருக்கிறேன். "பார்க்கவில்லை" எத்தனை மணி நேரம் வரை நிற்கலாம் என்பதில்தான் வார்டில் சண்டை. இன்சார்ஜ் அடுத்த ஷிஃப்ட் முடிவதற்குள் என்கிறார், மற்றவர்கள் 24 மணி நேரம் கேட்கிறார்கள். உங்கள் இடங்களில் எவ்வளவு?

---

நைட் டியூட்டி:

எங்கள் படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை. வரைந்ததைப் போட்டோ எடுத்துப் போடுங்களேன்.