ஃபோலிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

செல்வி:
ஒலிப்பதிவு படிக்கும் பிள்ளைகளுக்காகக் கலைச்சொல் பட்டியல் ஒன்று தயாராகிறது. திரையைப் பார்த்தபடி காலடி, உரசல் போன்ற சத்தங்களை ஒருவர் செய்துகாட்டிப் பதிவு செய்வதுதான் ஃபோலி. அதில் வந்து நின்றுவிட்டேன். யூனிவர்சல் ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஜாக் ஃபோலியின் பெயரே தொழிலுக்கும் ஆகிவிட்டது. ஆள் பெயரை மொழிபெயர்க்க முடியாது, வேலையைப் பார்த்துத்தான் சொல் ஆக்க வேண்டும். என்ன வைக்கலாம்?

கந்தசாமி:
பின்னணி ஒலி. பின்னணிப் பாடகர், பின்னணிக் குரல் எல்லாம் படம் பிடிப்பதைவிட்டுத் தனியாகப் பதிவாகிறவைதானே? இதுவும் அப்படித்தான். புதுச்சொல் எதற்கு?

இளங்கோ:
ஐயா சொல்லும் காரணம் சரி, சொல்தான் இடிக்கிறது. எங்களுக்குப் பின்னணி என்றால் தெருவிரைச்சல், மின்விசிறி, காக்கை. அதற்கும் ஃபோலிக்கும் நடுவில் பெரிய கோடு உண்டு. போன வருஷம் நான் மிக்ஸ் செய்த ஒரு தொடரைச் சொல்கிறேன்.

தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு பழைய வீடு. ஒரு பெண் ரப்பர் செருப்போடு வருகிறாள், தேக்குக் கதவைத் திறக்கிறாள், செருப்பை விட்டுவிட்டு முற்றத்துக் கல்தரையில் பேசிக்கொண்டே நடக்கிறாள். படப்பிடிப்பில் அவள் காலடி வசனத்தோடு ஒரே மைக்கில் விழுந்துவிட்டது. தமிழில் மட்டும் ஓடினால் அதை வைத்தே ஒப்பேற்றலாம். தெலுங்கில் டப் செய்யும்போது தமிழ் வசனத்தை எடுத்தால் காலடியும் சேர்ந்து போய்விடும். அதனால் ஒரு கலைஞர் திரையைப் பார்த்தபடி அவள் நடையை நடந்து காட்ட வேண்டும். அந்தத் தொடரில் ஒரு ஃப்ரேம் என்பது நொடியில் 24இல் ஒரு பங்கு. இரண்டு மூன்று ஃப்ரேம் பிந்தினாலே குதிகால் தரையைத் தொடுவதும் சத்தமும் ஒட்டாமல் தெரியும். தெருவிரைச்சலுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. அங்கேயே யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்ததைக் காட்சி முழுக்க நீட்டிப் போட்டோம்.

முதல் தடவை சொதப்பினோம். கல்பலகையை ஸ்டுடியோவின் மரத்தளத்து மேல் அப்படியே போட்டு நடந்தார். வசனத்தை நிறுத்திவிட்டுக் கேட்டால் பெட்டி மேல் நடப்பது போல ‘டொம் டொம்’ என்கிறது. அடியில் வெற்றிடம். அடித்தொனியை வெட்டிப் பார்த்தேன், குதிகாலின் கனமும் கூடவே போய்விட்டது. கடைசியில் மணலைப் பரப்பி அதன் மேல் பலகையை அழுத்தி வைத்து மறுபடி நடந்தார், சரியானது. கொலுசைக் காலில் கட்டவில்லை. கையில் பிடித்து ஆட்டித் தனியாக எடுத்தோம். காலில் கட்டினால் இரண்டும் ஒரே தடத்தில் விழும், அப்புறம் கொலுசை மட்டும் குறைக்க முடியாது.

காலருகே ஒரு மைக், ஆறடி தள்ளி இன்னொன்று. வாசலில் கிட்ட மைக் போதும். நிலைப்படி தாண்டியதும் தள்ளி வைத்ததைக் கூட்டி, முற்றத்தின் எதிரொலியையும் கொஞ்சம் சேர்த்தால்தான் அவள் வீட்டுக்குள் வந்தது போல இருக்கும்.

ராஜா, மேலூர்:
அண்ணே, நான் மைக் செட் வைத்திருப்பவன். எங்கள் வீட்டு டிவியில் தொடர் பார்த்தால் பேச்சு கேட்கவே இல்லை, கதவு மட்டும் படார் படார் என்கிறது. அம்மா ரிமோட்டைக் கீழே வைப்பதில்லை. அது இந்த ஃபோலிக்காரர் தப்புதானே?

இளங்கோ:
இல்லை தம்பி, மிக்ஸ் செய்கிற எங்கள் தப்பு. பெரிய ஸ்பீக்கரில் மட்டும் கேட்டு அளவு வைத்தால் அப்படி ஆகும். டிவி போன்ற சின்ன ஸ்பீக்கரிலும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அவசரத்தில் அது விட்டுப்போகிறது.

செல்வி:
அப்படியானால் தெருவிரைச்சல் வகைக்குச் ‘சூழலொலி’ என்று போட்டுவிடுகிறேன். ஃபோலிக்கு ‘செய்கையொலி’?

கந்தசாமி:
வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் அம்மா. வகுப்பில் பாதிப் பேர் ‘செயற்கையொலி’ என்று எழுதிவைப்பார்கள். ‘அசைவொலி’ எப்படி?

இளங்கோ:
அசைவொலி என்றால் கதவும் அசையத்தானே செய்கிறது? அந்தத் தேக்குக் கதவின் கிறீச்சை ஃபோலிக்காரர் செய்யவில்லை. அதே போன்ற ஒரு கதவில் எடுத்து எடிட்டர் பொருத்தினார். தாழ்ப்பாளில் கை படுவது, கொண்டி விலகுவது, வளையல் உரசுவது மட்டும்தான் ஃபோலி. ஆள் நடித்துக் காட்டும் சத்தம் என்பதால் எனக்கு ‘நடிப்பொலி’ பிடிக்கிறது. அது போகட்டும், ஸ்டுடியோவில் எல்லாரும் ‘எஃபெக்ட்ஸ்’ என்றுதான் சொல்லப்போகிறார்கள்.

கந்தசாமி:
நடிப்பொலி என்றால் பொய்யொலி என்று காதில் விழுகிறதே!

செல்வி:
பொய்தானே ஐயா, மணல் மேல் வைத்த கல். இப்போதைக்கு ‘நடிப்பொலி’ என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். இளங்கோ அண்ணா, தலைக்குப் பதில் கையால் மேசையைத் தட்டி முட்டும் சத்தம் எடுத்தால் அது எந்தப் பக்கம், ஃபோலிக்காரருடையதா எடிட்டருடையதா?

இளங்கோ:
அதற்கு எங்கள் ஸ்டுடியோவிலேயே சண்டை நடக்கிறது.