நள்ளிரவுக்குப் பிறகு வரும் புக்கிங்: எந்தத் தேதியில் ஏற்றுவது?

மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் 22 அறை லாட்ஜ். செக்-இன் பகல் 12, செக்-அவுட் காலை 11. மூன்று மாதமாக ஒரே தகராறு.

போன சனிக்கிழமை, 15ஆம் தேதி அதிகாலை 12.40க்கு ஆப்பில் ஒரு புக்கிங்: 15 முதல் 16 வரை. புக் செய்தவர் ஒரு மணிக்குக் குடும்பத்தோடு வந்து நின்றார். அவர் கணக்கில் "இன்று" என்றால் அப்போதே. ரிசப்ஷன் தம்பிக்கோ அது 14ஆம் தேதி ராத்திரி. 15 என்றால் பகல் 12க்குத்தான். அறை கொடுத்தோம். அன்றே காலை 11க்குக் காலி செய்யச் சொன்னால், "16 வரை காசு கட்டியிருக்கேனே" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

அன்றைய கணக்கை முடித்து மென்பொருளில் தேதியை மாற்றும் நைட் ஆடிட்டை நள்ளிரவு 12லிருந்து அதிகாலை 4 மணிக்குத் தள்ளினோம். எங்கள் மென்பொருள் 14 என்றது, ஆப் 15 என்றே அனுப்பியது. தேதியைக் கையால் மாற்றினால் கமிஷன் கணக்கு இடிக்கிறது. போன் செய்து கேட்கலாம் என்றால், பஸ்ஸில் தூங்குபவர் எடுப்பதில்லை.

நள்ளிரவு முதல் 4 மணி வரை வரும் புக்கிங்கை, ஆப் தேதியை மாற்றாமல், விருந்தினருக்கும் ஊழியருக்கும் ஒரே தேதியாகப் புரியும்படி எப்படிப் பதிவு செய்கிறீர்கள்?