நெடுந்தூர ஓட்டக்காரருக்கு ஹீமோகுளோபின் 12.9: இப்படிப் பாத்தவங்க சொல்லுங்க

ஈரோடு லேப்காரர்
ஞாயிறு மதியம், 30 கிலோமீட்டர் ஓடிட்டு நேரா வந்தாரு, 34 வயசு. சிறுநீர் கடுங்காப்பி நிறம். ஸ்ட்ரிப்பை நனைச்சதும் ரத்தத்துக்கான கட்டம் கரும்பச்சையாச்சு. மைக்ரோஸ்கோப்புல பாத்தா ஒரு சிவப்பணு இல்லைங்க. செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுத்தோம், 12.9. பயிற்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி 14.5. அன்னைக்கே இரும்பு மாத்திரை எழுதிட்டாங்க. அதுதான் உறுத்துது.

பொள்ளாச்சி ஓட்டம்
இதுல என்னங்க சந்தேகம்? குதிகால் தார் ரோட்டுல அடிக்கறப்ப பாதத்துல இருக்கற சிவப்பணு நசுங்கி உடையுது. அந்த 1.6 அப்படித்தான் போச்சு. எங்க குழுவுல ஒருத்தருக்கு, தேஞ்ச ஷூவை மாத்தினதும் அந்த நிறம் நின்னுச்சு. வாய்க்கால் கரை மண்ணுல ஓடச் சொல்லுங்க.

கோவை டாக்டர்
அண்ணா, பாதி சரிங்க. உடையறது நிஜம்தான். ஆனா ஒரு ஓட்டத்துல பத்துல ஒரு பங்கு அளவுக்கெல்லாம் அணு உடையாது. உடையற கொஞ்சத்தையும் எலும்பு மஜ்ஜை ஈடுகட்டிரும்.

கணக்கைப் பாருங்க. ரத்தம் 5 லிட்டர், டெசிலிட்டருக்கு 14.5 கிராம்னா மொத்த ஹீமோகுளோபின் 725 கிராம். தொடர்ந்து ஓடறவங்களுக்கு ரத்தத்தோட நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடும். 600 மில்லி கூடிருச்சுன்னு வைங்க, அதே 725 கிராம் 5.6 லிட்டர்ல கலந்து நிக்குது. வகுத்தா 12.9. மோர்ல தண்ணி ஊத்தின மாதிரிதான், தயிர் குறையலை. அதுலயும் நீண்ட ஓட்டம் முடிஞ்சு இரண்டாம் நாள் பிளாஸ்மா இன்னும் ஏறியிருக்கும். நீங்க எடுத்தது அந்த நாள்.

ஒரு வாரம் ஓட்டத்தை நிறுத்திட்டு மறுபடி எடுங்க. மாத்திரை இல்லாமலே ஏறினா அது நீர்ப்புதான். உடம்புல இரும்பு இருப்பைக் காட்டற ஃபெரிட்டினையும் அப்பவே பாருங்க. கடும் ஓட்டத்துக்கு அடுத்து அது பொய்யா உயர்ந்து காட்டும், இரும்பு குறைஞ்சவங்களையும் நல்லா இருக்காங்கன்னு சொல்லிரும். அணு உடையுதான்னு தெரிய ஹேப்டோகுளோபின் பாக்கணும், உடைஞ்சா அது இறங்கியிருக்கும்.

திருப்பூர் நடை
எங்க வீட்டம்மாவுக்கு 9.4ங்க. தினம் 4 கிலோமீட்டர் நடக்கறாங்க. அப்ப இதுவும் நீர்ப்புத்தானே, மாத்திரையை நிறுத்திரலாங்களா?

கோவை டாக்டர்
நிறுத்தாதீங்க. நடக்கறதுல இவ்வளவு இறங்காது. அது நிஜமான சோகைங்க. மாதவிடாய் அதிகமா போகுதா, குடல்ல ரத்தம் கசியுதான்னு பாக்கச் சொல்லுங்க.

ஈரோடு லேப்காரர்
பத்து நாள் கழிச்சு எடுத்ததுல 13.7, ஃபெரிட்டின் 24. மாத்திரையை அவர் தொடவே இல்லை. 24 குறைவா, இல்லையாங்க?

கோவை டாக்டர்
15க்குக் கீழ போனாத்தான் குறைவுன்னு சிலர், 30ன்னு சிலர். ஓடறவருக்கு நான் 30ஐத்தான் எடுத்துக்குவேன். அப்ப உங்க டாக்டர் எழுதினதும் முழுத் தப்பில்லை.

பெருந்துறை நர்ஸ்
தசை வலி இருந்துச்சான்னு யாருமே கேக்கலையே? தசை சிதைஞ்சு அதுல இருக்கற மயோகுளோபின் சிறுநீர்ல வந்தாலும் ஸ்ட்ரிப் அதே பச்சைதான், சிவப்பணுவும் தெரியாது. அன்னைக்கு ரத்தத்தை மெஷின்ல சுத்தி சீரத்தைப் பிரிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்: அது இளஞ்சிவப்பா இருந்தா சிவப்பணு உடைஞ்சது, தெளிவா இருந்தா தசை. தசை சிதைஞ்சா ரத்தத்துல ஏறற சி.கே.யும் பாத்திருக்கணும். தசைன்னா சிறுநீரகத்துக்கு ஆபத்துங்க.

ஈரோடு லேப்காரர்
ஞாயித்துக்கிழமை ரத்தமே எடுக்கலைங்க. தொடை ரொம்ப வலிக்குதுன்னு அவர் சொன்னாரு.