அட்வான்ஸ் ஷரத்தை எளிய தமிழில் எழுதும்போது எங்கே வழுக்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கவிதா, கும்பகோணம்

வீட்டு வாடகை ஒப்பந்தத்தைச் சாதாரணத் தமிழில் மாற்றி எழுதிய அனுபவம் இருப்பவர்கள் பகிர்ந்துகொள்ளுங்கள். இன்னும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. 11 மாத ஒப்பந்தம், வாடகை மாதம் 15,000 ரூபாய். வாசகம் மாறலாம், ஆனால் யார் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது மாறக்கூடாது என்று இரண்டு தரப்பும் சொல்கிறார்கள். மற்ற ஷரத்துகள் முடிந்துவிட்டன. இது ஒன்றில்தான் நிற்கிறேன்:

"மேற்படி வாடகைதாரர் மேற்படி வீட்டைக் காலி செய்ய உத்தேசிக்கும் பட்சத்தில், அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னதாக உரிமையாளருக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, மேற்படி வீட்டின் சுவாதீனத்தை, இயல்பான தேய்மானம் நீங்கலாக, தாம் பெற்றுக்கொண்ட நிலையிலேயே உரிமையாளர் வசம் ஒப்படைக்கும் பட்சத்தில், உரிமையாளர் முன்பணத் தொகை ரூ.90,000/-இல் வாடகை பாக்கி, மின்கட்டண பாக்கி மற்றும் வாடகைதாரரால் ஏற்பட்ட சேதங்களுக்கான தொகை ஏதும் இருப்பின் அவற்றைக் கழித்துக்கொண்டு, மீதித் தொகையை வட்டியின்றி, சுவாதீனம் ஒப்படைக்கப்பட்ட தேதியிலிருந்து முப்பது தினங்களுக்குள் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவராவார். அவ்வாறு அறிவிப்புக் கொடுக்கத் தவறும் பட்சத்தில், குறைவுபட்ட காலத்துக்குரிய வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ள உரிமையாளருக்கு முழு பாத்தியதை உண்டு."

இளவரசன்

இது நாலு வரி விஷயம்தான். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"காலி செய்ய இரண்டு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். வீட்டை நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும். பாக்கி, சேதம் கழித்து ஒரு மாதத்தில் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும். சொல்லாமல் காலி செய்தால் இரண்டு மாத வாடகை பிடிக்கப்படும்."

இன்னொன்று, தமிழ்நாட்டுப் புதிய வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவே கூடாது. 90,000 என்பது ஆறு மாதம். அதையும் 45,000 என்று திருத்திவிடுங்கள்.

சண்முகம், பத்திர எழுத்தர்

தம்பி, வாக்கியத்தைச் சின்னதாக வெட்டியது சரி. ஆனால் வெட்டும்போது கூடவே கடமைகளும் போய்விட்டன.

"எழுத்து மூலம்" என்பது "சொல்ல வேண்டும்" ஆகிவிட்டது. இனி வாசலில் நின்று சொன்னாலே அறிவிப்புக் கொடுத்ததாகிவிடும். "பெற்றுக்கொண்ட நிலை" என்பது "நல்ல நிலை" ஆகிவிட்டது. குடிவரும்போதே சமையலறை மேடையில் விரிசல் இருந்திருந்தால், உங்கள் வாசகப்படி அதைச் சரிசெய்து கொடுப்பதும் வாடகைதாரர் தலையில்தான். தேய்மானத்தைக் காணோம். "வாடகைதாரரால் ஏற்பட்ட" என்பதையும் காணோம், அதனால் மழையில் மாடித் தளம் ஒழுகிச் சுவர் ஊறிப்போனாலும் கழிக்கலாம். கடைசியில் குறைந்த காலத்துக்கு மட்டும் இருந்த பிடித்தம், முழு இரண்டு மாத வாடகையாகிவிட்டது. 50 நாள் முன்னால் எழுதிக் கொடுத்தவருக்கும் 30,000 போகுமா என்று ஒரு சண்டை வரும்.

"ஒரு மாதம்" பற்றியும் சொல்கிறேன். ஜனவரி 31 அன்று சாவி கைமாறினால், லீப் வருடம் இல்லாத ஆண்டில், 30 நாள் மார்ச் 2 வரை போகும். ஒரு மாதம் என்றால் பிப்ரவரி 28-இல் முடிந்துவிடும். மூலத்தில் நாளாக இருந்தால் நாளாகவே விடுங்கள், மாதமாக இருந்தால் மாதமாகவே விடுங்கள்.

மூன்று மாத வரம்பு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் "மாறாக ஒப்பந்தம் இல்லாதபோது" என்று சொல்லித்தான் அந்தப் பிரிவே ஆரம்பிக்கிறது. எப்படி இருந்தாலும் தொகையைக் குறைப்பது பேரம், அதை மொழியைத் திருத்துகிறவர் செய்யக்கூடாது.

கவிதாம்மா, நான் செய்வது இதுதான். முதலில் ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டுக்கொள்வேன்: யார், யாருக்கு, என்ன, எந்தத் தேதிக்குள், எது நடந்தால். ஷரத்தில் இருக்கும் ஒவ்வொரு கடமையும் ஒவ்வொரு உரிமையும் தனித்தனி வரியில் போகும். உங்கள் ஷரத்தில் ஐந்து வரி வரும். வாடகைதாரருக்கு இரண்டு: அறிவிப்பு, ஒப்படைப்பு. உரிமையாளருக்கு ஒன்று: பணம் திருப்புவது. பிறகு இரண்டு பிடித்தங்கள். ஒரு வரியை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். கடமைக்கு "வேண்டும்", உரிமைக்கு "லாம்". "கிடைக்கும்", "பிடிக்கப்படும்" மாதிரி எழுதினால் யார் கொடுப்பது, யார் பிடிப்பது என்பதே மறைந்துபோகும்.

எழுதி முடித்ததும் பழைய ஷரத்தை எதிரே வைத்துக்கொண்டு, புதியதில் இடம்பிடித்த ஒவ்வொரு சொல்லையும் பென்சிலால் அடித்துக்கொண்டே வாருங்கள். அடிபடாமல் மிஞ்சுவதுதான் முக்கியம். "மேற்படி", "தாம்", "முழு" போன்றவை மிஞ்சினால் பரவாயில்லை, அவை இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது. "நீங்கலாக", "ஏதும் இருப்பின்", "வட்டியின்றி" மிஞ்சினால் எதையோ விட்டுவிட்டீர்கள்.

ரஹீம், ஆம்பூர்

எனக்கும் இதே பிரச்சினைதான். போன மாதம் காலி செய்தேன். நாலு வருஷம் இருந்த வீடு, பெயின்ட் அடிக்க என்று 12,000 ரூபாய் பிடித்துக்கொண்டார் ஓனர். எங்கே புகார் கொடுப்பது?

நிர்மலா

ரஹீம் பாய், இங்கே பேசுவது ஒப்பந்தம் எழுதுவதைப் பற்றி. ஆனாலும் முதலில் உங்கள் ஒப்பந்தத்தில் இரண்டு இடத்தைப் பாருங்கள். தேய்மானம் நீங்கலாக என்று இருக்கிறதா? பெயின்ட் செலவு வாடகைதாரருடையது என்று தனியாக எங்கேயாவது இருக்கிறதா? முதலாவது இருந்து இரண்டாவது இல்லையென்றால், நாலு வருஷத்தில் சுவர் மங்கியதற்குப் பிடிக்க முடியாது என்று கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது. ஆணி அடித்துப் பெயர்த்த ஓட்டைகள் வேறு கணக்கு. ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

கவிதா, இவர் கேட்டதும் உங்களுக்குப் பயன்படும். "இயல்பான தேய்மானம் நீங்கலாக" என்ற மூன்று சொல் எளிய வடிவத்தில் விழுந்துபோனால், நாளைக்கு உங்கள் வாடகைதாரரும் இதே இடத்தில்தான் வந்து நிற்பார்.

கவிதா, கும்பகோணம்

சண்முகம் ஐயா சொன்னபடி கட்டம் போட்டு எழுதிவிட்டேன். பாருங்கள்:

"1. வாடகைதாரர் வீட்டைக் காலி செய்ய விரும்பினால், இரண்டு மாதங்களுக்கு முன்பே உரிமையாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

2. வாடகைதாரர், வீடு தன் கைக்கு வந்தபோது எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். இயல்பான தேய்மானம் இதில் சேராது.

3. வீட்டை ஒப்படைத்த தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் உரிமையாளர் அட்வான்ஸ் 90,000 ரூபாயை வாடகைதாரருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதற்கு வட்டி கிடையாது.

4. வாடகை பாக்கி, மின்கட்டண பாக்கி, வாடகைதாரரால் ஏற்பட்ட சேதத்துக்கான தொகை ஆகியவற்றில் எது இருந்தாலும், உரிமையாளர் அதை அட்வான்ஸில் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாம்.

5. வாடகைதாரர் அந்த அறிவிப்பைக் கொடுக்கத் தவறினால், குறைந்த காலத்துக்கான வாடகையையும் உரிமையாளர் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம்."

நிர்மலா

நன்றாக வந்திருக்கிறது. நான் எப்போதும் செய்வது, ஒரு கற்பனைக் கணக்கை இரண்டு வாசகத்திலும் ஓட்டிப் பார்ப்பது. இரண்டிலும் ஒரே தொகை வர வேண்டும்.

ஜூன் 10 அன்று எழுதிக் கொடுக்கிறார், ஜூன் 30 அன்று சாவியைக் கொடுக்கிறார். வாடகை பாக்கி இல்லை, கழிவறைக் கதவை உடைத்ததற்கு 2,000. இரண்டு மாதம் ஆகஸ்ட் 10-இல் முடியும், ஆகவே குறைந்த காலம் ஒரு மாதமும் 10 நாளும். ஒரு மாதத்துக்கு 15,000. பத்து நாளுக்கு, மாத வாடகையை 30-ஆல் வகுத்தால் 5,000, ஆகஸ்டின் 31-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4,839. கையில் வருவது 68,000 அல்லது 68,161. பழைய வாசகத்திலும் இதே இரண்டு விடை, புதியதிலும் இதே. அதாவது எதால் வகுப்பது என்று மூலமே சொல்லவில்லை. "30 நாள் கணக்கில்" என்று நீங்களாகச் சேர்த்தால் அது புது நிபந்தனை. தனிக் குறிப்பாக எழுதி இருவரிடமும் கேளுங்கள்.

மின்கட்டணமும் அப்படித்தான். நம் ஊரில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். ஜூன் 30 அன்று பில்லே வந்திருக்காது. ஓடிய யூனிட்டுக்கு இன்னும் பில் வராத தொகை "பாக்கி"யில் சேருமா? மூலத்தில் விடை இல்லை. அதையும் கேட்க வேண்டிய பட்டியலில் சேருங்கள்.

மீனாட்சி, வழக்கறிஞர்

எளிய வடிவத்தில் ஒரு இடம் உண்மையாகவே மாறியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மூலத்தில் "அறிவிப்புக் கொடுத்து... ஒப்படைக்கும் பட்சத்தில்" உரிமையாளர் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர். இலக்கணப்படி அறிவிப்பு ஒரு முன்நிபந்தனை. அறிவிப்பே கொடுக்காவிட்டால் பணம் திருப்பும் கடமையே எழவில்லை என்று உரிமையாளர் வாதாடலாம். கவிதா இதை 1, 3 என்று பிரித்ததும் அந்த "பட்சத்தில்" போய்விட்டது. இப்போது அறிவிப்பு தனிக் கடமை, பணம் திருப்புவது தனிக் கடமை.

எனக்குக் கவிதாவின் வடிவம்தான் சரியாகப் படுகிறது. ஷரத்தின் கடைசிப் பகுதியே, அறிவிப்புத் தவறினால் குறைந்த காலத்து வாடகையைக் கழிக்கலாம் என்கிறது. முழு அட்வான்ஸும் போய்விடும் என்றால் கழிப்பதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. 1872 ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவும், ஒப்பந்தத்தில் தண்டத் தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடு வரைதான் போகவிடும்.

சண்முகம், பத்திர எழுத்தர்

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் மேடம். நீங்கள் சொல்வது பொருள் விளக்கம். அது நீதிமன்றத்தில் நிற்கலாம். ஆனால் மூலம் இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுக்கும்போது, அதில் ஒன்றை நாமே தேர்ந்தெடுத்து எழுதிவிட்டால் மொழியை மட்டும் மாற்றினோம் என்று சொல்ல முடியாது. நானாக இருந்தால் மூன்றாவதை "1, 2 ஆகியவற்றின்படி வாடகைதாரர் நடந்தால்" என்று ஆரம்பிப்பேன்.

மீனாட்சி, வழக்கறிஞர்

அப்படி எழுதினால் மூலத்தில் மங்கலாக இருந்த முன்நிபந்தனை பட்டவர்த்தனமாகிவிடும் ஐயா. ஒரு கதவு உடைந்தால்கூட இரண்டாவதின்படி நடக்கவில்லை என்று 90,000-ஐயும் நிறுத்திவைக்கலாம். அதுவும் ஒரு பக்கம் சாய்வதுதானே?

இளவரசன்

அப்படியானால் பழைய ஷரத்தை அப்படியே வைத்துவிட்டு, எளிய வடிவத்தை விளக்கமாகப் பின்னால் இணைத்துவிடலாமே?

சண்முகம், பத்திர எழுத்தர்

இணைக்கலாம் தம்பி. முரண் வந்தால் எந்த வாசகம் செல்லும் என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு ஷரத்தாகிவிடும். ஆனால் பழையதே செல்லும் என்று எழுதினால் இந்தச் சந்தேகம் அப்படியேதான் இருக்கும்.

கவிதா, கும்பகோணம்

மூன்று கேள்வியை இரு தரப்புக்கும் எழுதி அனுப்புகிறேன்: பத்து நாள் வாடகையை எதால் வகுப்பது, பில் வராத மின்சாரம் யார் கணக்கு, அறிவிப்பே கொடுக்காமல் போனால் அட்வான்ஸ் முழுதும் நிற்குமா, கழித்த மீதி வருமா. கடைசிக் கேள்விக்கு இருவரும் வேறு வேறு பதில் சொன்னால்?

சண்முகம், பத்திர எழுத்தர்

சொல்லத்தான் போகிறார்கள். பேசி ஒரு பதிலுக்கு வரும்வரை முத்திரைத்தாளில் ஏற்ற வேண்டாம்மா.